வேலையை விட்டுப் போகும் ஸ்டைலிஸ்டுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி: கோவையில் ஆறு நாற்காலி போட்ட சலூன் நடத்துகிறேன். என்னிடம் ஐந்து வருடம் வேலை பார்த்த பெண்ணுக்குச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் சலூனில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. "அக்கா, நல்லதா ஒரு லெட்டர் கொடுங்க, சீனியர் ஸ்டைலிஸ்ட்னு போட்டுக் கொடுங்க" என்கிறாள். கட்டிங்கிலும் கல்யாண ஹேர்ஸ்டைலிலும் கெட்டிக்காரி. கலரில் இன்னும் தேற வேண்டும். காலையில் தாமதமாக வருவாள். ஒருமுறை ஒரு கஸ்டமருக்கு முடி உடைந்து பெரிய ரகளை ஆனது. பொய் எழுதவும் மனசில்லை, அவள் பிழைப்பைக் கெடுக்கவும் மனசில்லை. என்னதான் எழுதுவது?

பதில்: நீங்கள் சொன்னதில் நான்கு சிக்கல் இருக்கிறது. "சீனியர்" என்ற பட்டம், கலர், தாமதம், முடி உடைந்த சம்பவம். பட்டத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கலரைச் சரியாக எழுதினால் அது அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகவே முடியும். மற்ற இரண்டும் கடிதத்தில் வருமா வராதா என்பது, உங்கள் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டியது.

நான் பல வருடம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன். அப்புறம் ஆள் எடுக்கும் பக்கம் போனேன். அதனால் இந்த மாதிரிக் கடிதங்களை எழுதியும் இருக்கிறேன், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்தும் இருக்கிறேன். படிக்கிறவர் அந்தக் கடிதத்தை வைத்து என்ன செய்வார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நல்ல சலூன் எதுவும் கடிதத்தைப் பார்த்து மட்டும் ஸ்டைலிஸ்டை எடுப்பதில்லை. டிரேட் டெஸ்ட் என்று ஒன்று வைப்பார்கள். ஒரு மாடலை உட்கார வைத்து ஒரு கட், ஒரு ப்ளோ ட்ரை, சில இடங்களில் ஒரு ரூட் டச்அப். செக்ஷன் எப்படிப் பிரிக்கிறார், சீப்பை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார், கட் முடிந்ததும் இரண்டு பக்கமும் இழுத்துச் சரிபார்க்கிறாரா என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால் "இவர் கட்டிங்கில் மிகச் சிறந்தவர்" என்று நீங்கள் எழுதும் வரிக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை. அதை அவர்களே கண்ணால் பார்க்கப் போகிறார்கள்.

டெஸ்டில் தெரியாத விஷயங்கள் உண்டு. கஸ்டமர் திரும்பி வந்து இதே பெண்ணைத்தான் கேட்டார்களா? பதினோரு மணி நேரம் நின்ற சனிக்கிழமை மாலையில், கடைசிக் கஸ்டமருக்கும் காலையில் இருந்த அதே கவனம் இருந்ததா? டிரால்லியில் இருக்கும் சீப்பைக் கழுவி மருந்தில் போட்டு எடுத்தாரா, அல்லது துண்டில் துடைத்து அடுத்த தலைக்கு வைத்தாரா? அசிஸ்டெண்டுக்குக் கற்றுக் கொடுத்தாரா, வெறுமனே வேலை வாங்கினாரா? ஒரு வேலை கெட்டுப்போனால் உடனே வந்து சொன்னாரா? இதெல்லாம் ஐந்து வருடம் கூட இருந்த உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கடிதத்துக்கு விலை இருப்பது இங்கேதான். தாராளமாக எழுதுவது என்றால் பெரிய வார்த்தை போடுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படிக்கிற இடத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், "நேர்மையானவர், கடின உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகுபவர், வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறோம்" என்ற கடிதத்தை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. அது கணினிக் கடையில் பெயரை மட்டும் மாற்றி எடுத்ததா என்ற சந்தேகம்தான் வரும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஆண் ஸ்டைலிஸ்டுக்கு எழுதும்போது கை வேகம், டெக்னிக், பில் தொகை என்று எழுதுகிறார்கள். பெண்ணுக்கு எழுதும்போது சிரித்த முகம், பொறுமை, குடும்பப் பாங்கு என்று போய்விடுகிறார்கள். எழுதுகிறவர் பெண்ணாக இருந்தாலும் இப்படித்தான். உங்கள் முதல் வரைவை எழுதியதும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

நேர்மையும் தாராளமும் ஒன்றோடொன்று முட்டும் என்ற பயம் உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. ஜெர்மனியில் வேலையை விடுகிற ஒவ்வொருவருக்கும் எழுத்தில் சான்றிதழ் பெறும் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவரது அடுத்த வேலைக்கு இடைஞ்சல் செய்யாதபடி நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. என்ன ஆனது? முதலாளிகள் ஒரு ரகசியப் பாஷையையே உண்டாக்கிவிட்டார்கள். "கொடுத்த வேலையைச் செய்ய முயன்றார்" என்று எழுதினால், செய்யவில்லை என்று அர்த்தம். இத்தனைக்கும் மறைபொருள் வைத்து எழுதக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. புகழ்ச்சி போலத் தெரிந்து உள்ளே குத்துகிற வரி எதுவும் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். "சரியான வழிகாட்டுதல் கிடைத்தால் நன்றாக வருவார்" என்று நம் ஊரிலும் எழுதுகிறார்கள். எழுதுகிறவர் ஆசீர்வாதம் என்று நினைக்கிறார். படிக்கிறவர் "தனியாக விட்டால் செய்ய மாட்டார்" என்று எடுத்துக்கொள்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் இரண்டு தாள் கொடுங்கள். ஒன்று அனுபவச் சான்று. அதில் பெயர், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, பதவி, பார்த்த வேலைகள், இவ்வளவுதான். அதில் உங்கள் அபிப்பிராயம் எதுவும் வேண்டாம். இன்னொன்று உங்கள் கைப்பட எழுதும் பரிந்துரைக் கடிதம். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்புவதால்தான் பிரச்சினை வருகிறது. அனுபவச் சான்று அவர் வேலை பார்த்ததற்குக் கொடுப்பது. உங்களுக்குள் மனஸ்தாபம் இருந்தாலும், முகூர்த்த மாதத்தில் விட்டுவிட்டுப் போகிறாரே என்ற கோபம் இருந்தாலும், அதை நிறுத்தி வைக்காதீர்கள். முன்பணம் பாக்கி இருந்தால் கடைசிச் சம்பளக் கணக்கில் பேசித் தீருங்கள், கடிதத்தைப் பிணையாகப் பிடிக்க வேண்டாம். பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். நம் ஊர் இனிஷியலால் வருகிற தொல்லை தெரியும்தானே. சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயரை விரித்து ஒரு மாதிரி இருந்தால், ஆளெடுக்கும் பிரிவு அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடும்.

பதவிக்கு வருவோம். சம்பள ரிஜிஸ்டரில் "ஸ்டைலிஸ்ட்" என்று இருந்தால் சான்றிலும் "ஸ்டைலிஸ்ட்"தான். சீனியர் என்று போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும். அடி படப்போவது உங்களுக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு. சீனியர் ஸ்டைலிஸ்ட் என்று எடுத்தால் முதல் வாரத்திலேயே ஒரு கலர் கரெக்ஷனைக் கொண்டுவந்து அவர் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பாக்ஸ் டையில் கருத்துப்போன இடுப்பளவு முடியைக் காரமல் நிறத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அங்கே பக்கத்தில் கேட்பதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதற்குப் பதிலாக, பட்டம் இல்லாமல் பொறுப்பை எழுதுங்கள். "கடந்த இரண்டு ஆண்டுகளாகப் புதிதாகச் சேர்ந்த அசிஸ்டெண்டுகளுக்கு ஷாம்பு, ப்ளோ ட்ரை, செக்ஷனிங் பழக்கியவர் இவர்தான்" என்பது உண்மையானால் அந்த ஒரு வரி சீனியர் என்ற வார்த்தையை விடக் கனமானது. படிக்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

எழுத உட்காரும் முன் பில்லிங் கணக்கை எடுத்துப் பாருங்கள். இப்போது சிறிய சலூன்களில்கூட எந்த ஸ்டைலிஸ்டுக்கு எத்தனை பில் என்று சாஃப்ட்வேர் பிரித்துக் காட்டுகிறது. இல்லாவிட்டால் அப்பாயிண்ட்மெண்ட் நோட்டு போதும். கடைசி மூன்று மாதத்தை எடுத்து மூன்று விஷயம் எண்ணுங்கள். பெயர் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர். என்னென்ன சர்வீஸ் தனியாகச் செய்தார். சரியில்லை என்று திரும்பி வந்து இலவசமாக மறுபடி செய்துகொடுத்தது எத்தனை. பெயர் சொல்லிக் கேட்டதுதான் இதில் நம்பகமான எண். கஸ்டமர் தன் காசையும் தலையையும் அவரிடம் கொடுக்க மறுபடி வந்திருக்கிறார், அதற்கு மேல் சாட்சி வேண்டாம். மொத்த பில் தொகையை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன், எழுதவும் மாட்டேன். அது உங்கள் கடை இருக்கும் தெரு, உங்கள் விலை, வாக்-இன் கஸ்டமரை நீங்கள் யாரிடம் அனுப்பினீர்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. மறுபடி செய்த வேலையின் எண்ணிக்கை கடிதத்தில் வர வேண்டியதில்லை, ஆனால் உங்கள் மனதில் இருக்கும் அபிப்பிராயம் சரியா என்று பார்க்க அது உதவும். ஒரு பெரிய ரகளை நடந்தால் அது மட்டும் நினைவில் நிற்கும், பிசகாமல் நடந்த நூற்றுக்கணக்கான வேலைகள் மறந்துபோகும். எண்ணிப் பார்த்தால் பல முதலாளிகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது கலர். "கலரில் இன்னும் தேற வேண்டும்" என்பது உங்கள் தீர்ப்பு. தீர்ப்பை எழுதாமல், அவர் என்ன செய்தார் என்பதை எல்லை போட்டு எழுதுங்கள். கலர் என்பது ஒரே வேலை இல்லையே. நரையை மறைக்கும் ரூட் டச்அப் ஒரு படி. பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீத டெவலப்பரோடு கலந்து வேரில் போட்டு, நேரம் பார்த்து அலசுவது. தலை முழுக்க ஒரே நிறம் போடும் குளோபல் அடுத்த படி. ஃபாயில் மடித்து பிளீச் வைத்து ஹைலைட் எடுப்பது அதற்கும் மேலே. அங்கே மணி பார்த்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஃபாயிலையும் திறந்து முடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன நிறத்தைத் திருத்துவது எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குப் பல வருடப் பழக்கம் உள்ளவர்களே யோசித்துத்தான் கை வைப்பார்கள். உங்கள் பெண் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். "ரூட் டச்அப், குளோபல் இரண்டையும் முழுப் பொறுப்பில் செய்து வந்தார். ஹைலைட் வேலைகளை என் மேற்பார்வையில் செய்தார். கலர் கரெக்ஷன் எங்கள் சலூனில் அவருடைய பொறுப்பில் இருந்ததில்லை." இதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. படிக்கிற ஓட்டலுக்கு அவரை எங்கே நிறுத்துவது, எதில் பயிற்சி கொடுப்பது என்று தெரிந்துவிடும். பெரிய இடங்களில் கலர் கம்பெனிகளின் பயிற்சி வகுப்புக்கு ஆள் அனுப்புவது வழக்கம். அப்படி அனுப்ப வேண்டியவர் இவர் என்று காட்டிக் கொடுப்பது நல்ல காரியம்தான்.

முடி உடைந்த சம்பவத்தில் நீங்கள் காரணத்தைச் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஆனால் நம் ஊரில் இது பெரும்பாலும் இரண்டு வழியில் நடக்கிறது. ஸ்மூத்தனிங்கோ ரீபாண்டிங்கோ செய்த முடி மேல் பிளீச் போட்டால் ஏற்கெனவே தளர்ந்த முடி தாங்காது. நனைந்த முடி ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தாலே தெரியும். நல்ல முடி கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கும், கெட்ட முடி சவ்வு மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்துவிடும். இன்னொரு வழி, கஸ்டமர் வீட்டில் போடும் கலப்படக் கருப்பு மருதாணிப் பொடி. சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அது டெவலப்பரில் இருக்கும் பெராக்ஸைடோடு சேர்ந்தால் சூடேறி முடியையே தின்றுவிடும். கஸ்டமர் "வெறும் ஹென்னாதான்" என்பார். வெட்டிய கொஞ்சம் முடியை பெராக்ஸைடும் சில சொட்டு அம்மோனியாவும் கலந்ததில் போட்டுப் பார்த்தால், நுரைத்தாலோ சூடேறினாலோ உண்மை வெளியே வரும். பரபரப்பான நாளில் இதையெல்லாம் யார் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

அதனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, அன்றைக்கு முடிவு யாருடையது என்பதுதான். கஸ்டமரிடம் பேசி "செய்துவிடலாம்" என்று சொன்னது நீங்களோ உங்கள் மேனேஜரோ என்றால், அந்தப் பெண் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் பிடித்தவர் மட்டும்தான். அந்தச் சம்பவத்துக்கும் அவர் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. முடிவு அவருடையதுதான் என்றால், அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். உடனே அலசிவிட்டு உங்களைக் கூப்பிட்டாரா? கஸ்டமர் முன்னால் நின்று பதில் சொன்னாரா? அதற்குப் பிறகு வந்த கெமிக்கல் வேலைகளில் முன்னே என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வைக்க ஆரம்பித்தாரா? ஆமாம் என்றால் சம்பவத்தை எழுத வேண்டாம், அதிலிருந்து வந்த பழக்கத்தை எழுதுங்கள். "கெமிக்கல் வேலைக்கு முன் முடியின் பழைய கதையைக் கேட்டுக் குறித்துக்கொள்வார், சந்தேகம் இருந்தால் கொஞ்சம் முடியில் போட்டுப் பார்க்காமல் தொடங்க மாட்டார்." டைக்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் வைப்பதும் அப்படித்தான். அலர்ஜி வந்தால் முகமே வீங்கிப்போகும் விஷயம் அது. அதை அவர் தவறாமல் செய்வதை நீங்கள் பார்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பார்த்திருந்தால் மட்டும்.

மூன்றாவது ஒரு நிலையும் இருக்கிறது. அவர் மறைத்தார், அல்லது அதே மாதிரி மறுபடியும் நடந்தது. அப்போது பரிந்துரைக் கடிதத்தில் கெமிக்கல் வேலை பற்றி நல்லதாக ஒரு வரிகூட எழுதக் கூடாது. கட்டிங், ஹேர்ஸ்டைல் பற்றி மட்டும் எழுதுங்கள், அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே உட்காரப் போகும் ஒருவரின் தலை இது. தாராள மனசு அந்த முகம் தெரியாத கஸ்டமரின் செலவில் இருக்கக் கூடாது. உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் இந்த நிலையில் இல்லை என்றே தோன்றுகிறது, ஆனால் இது என் ஊகம்தான்.

தாமதம் பற்றி எனக்கு உங்களை விடக் கொஞ்சம் இளகிய மனசு. காலையில் பத்து மணிக்குக் கடை திறந்து பதினொன்றரைக்கு முதல் கஸ்டமர் வருகிற இடத்தில், பத்தே கால், பத்தரைக்கு வருவது ஒரு வகை. அப்பாயிண்ட்மெண்ட் போட்ட கஸ்டமர் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்க, ஸ்டைலிஸ்ட் அப்புறம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவது வேறு வகை. முதல் வகை என்றால், "அப்பாயிண்ட்மெண்ட் எடுத்த கஸ்டமரைக் காக்க வைத்ததில்லை" என்று உண்மையாகவே எழுதலாம். கல்யாண வேலைக்கு விடிகாலை மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போக வேண்டி வந்தால் தவறாமல் போனாரா என்றும் யோசியுங்கள். கடைக்குத் தாமதமாக வருகிற பலர் முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய் நிற்பார்கள். அப்படியானால் அதைத் தனியாக எழுத வேண்டும். கல்யாணத்தில் தாமதத்துக்கு இடமே இல்லை என்று படிக்கிறவருக்கும் தெரியும். இரண்டாவது வகை என்றால் நேரம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நேரம் தவறாதவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஓட்டலில் ஷிஃப்டும் விரல் வைக்கும் மிஷினும் உண்டு, ஒரு மாதத்தில் உங்கள் கடிதம் பொய்யாகிவிடும். கடிதத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது பொய் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்வதுதான் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

நீங்கள் சொன்னதை வைத்து, நல்ல நிலைகளே உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன். ஓட்டலுக்கு ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் முதலில் தமிழில் எழுதினால், உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது தெளிவாகும். எண்களை உங்கள் நோட்டைப் பார்த்துப் போடுங்கள், என்னுடையது உதாரணத்துக்கு.

"இவர் எங்கள் சலூனில் ஐந்து ஆண்டுகள் ஸ்டைலிஸ்டாகப் பணியாற்றினார். நானே உரிமையாளர், தினமும் அவர் வேலையை நேரில் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடந்த மூன்று மாதங்களில் அவர் பார்த்த கஸ்டமர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள். லேயர் கட், நீண்ட சுருள் முடியைக் கனம் குறைத்து வெட்டுவது ஆகியவற்றுக்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்தில் முடி வேலை முழுவதும் அவர் பொறுப்பு. சவுரி வைத்துப் பின்னி, பூவும் நகையும் ஏற்றி, சடங்கு முடியும்வரை கலையாமல் நிற்கும்படி செய்வார். விடிகாலை வேலைகளுக்கு ஒருமுறையும் தாமதமானதில்லை.

கலரில் ரூட் டச்அப், குளோபல் ஆகியவற்றைத் தனியாகச் செய்தார், ஹைலைட் வேலைகளை என் மேற்பார்வையில் செய்தார். கலர் கரெக்ஷன் அவர் பொறுப்பில் இருந்ததில்லை. கெமிக்கல் வேலைக்கு முன் முடியின் வரலாற்றைக் கேட்டுக் குறிப்பது அவர் பழக்கம். வேலையில் ஏதாவது சரியில்லை என்றால் கஸ்டமர் சொல்வதற்கு முன் அவரே வந்து என்னிடம் சொல்வார்.

கடந்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த அசிஸ்டெண்டுகளுக்குப் பழக்கியது அவர்தான். மேலான வேலை கிடைத்ததால் போகிறார். இங்கே மறுபடி இடம் கேட்டால் தயங்காமல் கொடுப்பேன். மேற்கொண்டு கேட்க விரும்பினால் என்னை நேரடியாக அழைக்கலாம்."

கவனித்தீர்களா, இதில் "மிகச் சிறந்த", "அற்புதமான" என்று எதுவும் இல்லை. "தினமும் நேரில் பார்த்தவள்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எதைக் கண்டு சொல்கிறீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது. "மறுபடி இடம் கொடுப்பேன்" என்ற வரியை மனசார முடிந்தால் மட்டும் போடுங்கள். ஆளெடுப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அது இல்லாவிட்டால் இல்லாததையும் கவனிப்பார்கள். ஓட்டலில் எப்படிச் செய்வார் என்பது பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அங்கே கஸ்டமர் வேறு, ஒரே விருந்தினர் திரும்பி வருவது குறைவு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேச வேண்டியிருக்கும். அதில் நீங்கள் சொல்லக்கூடியது எதிர்பார்ப்பு மட்டுமே. எழுதத்தான் வேண்டும் என்றால் "என் எதிர்பார்ப்பு" என்று சொல்லி எழுதுங்கள்.

அனுப்பும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். சீனியர் இல்லையே என்று முகம் சுருங்கும். ஏன் என்று கலர் கரெக்ஷன் கதையைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். காலை நேரம் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். "லெட்டர்ல எழுதல. ஆனா அங்கிருந்து போன் பண்ணிக் கேட்டா மறைக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் போனில் மட்டும் சொல்வது முதுகில் குத்துவது மாதிரி ஆகிவிடும்.

போன் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை விட அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் அவர்கள் அதிகம் நம்புகிறார்கள். கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். அதில் இருப்பதையே சொல்லுங்கள். எழுத்தில் ஒரு பெண், போனில் வேறு ஒரு பெண் என்று ஆகக் கூடாது. குறை ஏதாவது உண்டா என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். "காலையில் கடைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வருவார், கஸ்டமர் வேலையில் அப்படி இல்லை. கலரில் ஹைலைட்டுக்கு மேலே இன்னும் பயிற்சி வேண்டும்." இவ்வளவு போதும். முடி உடைந்த விஷயத்தை அவர்களாகக் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவர் எப்படி வேலை செய்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அதை எடுக்க வேண்டியதில்லை. பேசும்போது பின்னால் ட்ரையர் ஓடாத இடமாகப் பார்த்துப் போங்கள், இந்தப் பக்கம் இருந்து எத்தனையோ தடவை "ஹலோ, கேட்கவில்லை" என்று கத்தியிருக்கிறேன்.